"தம்பி" வேண்டாம் என்று ஒரு கடிதம்

பெயர் வைத்துக் கொடுக்கிறதும் ஒரு தொழில் என்று சொன்னால் கொழும்பில் கனபேர் சிரிப்பார்கள். சாத்திரியாரிடம் எழுத்துக் கேட்டு வந்தால் முடிந்தது, அதற்கு ஏன் ஒரு ஆள், ஏன் காசு? ஆனால் கடைக்கும் சாப்பாட்டுப் பொருளுக்கும் பெயர் தேடிக் கொடுக்கிற இந்த வேலையில் பெயர் கண்டுபிடிக்கிறது பாதிதான். மற்றப் பாதி, வாடிக்கையாளர் ஏற்கெனவே மனதுக்குள் வைத்திருக்கிற பெயரை ஏன் எடுக்க முடியாது என்று அவருக்கு விளங்கப்படுத்துகிறது. என்னைக் கேட்டால் அதுதான் கஷ்டமான பாதி. அதை வாயால் சொல்லாமல் கடிதமாக எழுதவேண்டும், காரணத்தை மறைக்காமல் எழுதவேண்டும் என்பது என் கட்சி.

ஏனென்றால் எங்கட ஆக்கள் பொதுவாகச் செய்கிறது வேறு. "அந்தப் பெயர் ஏற்கெனவே யாரோ பதிஞ்சிட்டினம்" என்று ஒரு பொய்யைச் சொல்லி விஷயத்தை முடித்துவிடுவார்கள். இருபக்கமும் முகம் கெடாது. ஆனால் அந்தப் பொய் மூன்று மாதம்கூடத் தாங்காது. வாடிக்கையாளர் ஒருநாள் தானே தேடிப் பார்ப்பார், அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்று கண்டுபிடிப்பார், இரண்டாவது கிளைக்கு அதையே வைத்துவிடுவார். மறைத்த காரணம் அப்போது பெயர்ப்பலகையில் ஏறி நிற்கும்.

இந்த வகைக் கடிதங்களில் உலகப் புகழ்பெற்ற ஒன்று இருக்கிறது. 1955இல் அமெரிக்காவின் ஃபோர்ட் நிறுவனம் ஒரு புதிய காருக்குப் பெயர் தேடியது. அங்கே டேவிட் வாலஸ் இருந்த சந்தை ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து, புரூக்லினில் வாழ்ந்த கவிஞர் மேரியன் மூரிடம் உதவி கேட்டு எழுதினார்கள். மூர் சந்தோசமாக ஒரு பெயர் வரிசையே அனுப்பிவைத்தார். "புத்திசாலித் திமிங்கிலம்" என்ற அர்த்தத்தில் ஒன்று, கீரிப்பிள்ளையை வைத்து ஒன்று, கடைசியில் "யுடோப்பியன் டர்ட்டில்டொப்" என்று ஒன்று. 1956 நவம்பரில் வாலஸிடமிருந்து மறுமொழி வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்துவிட்டோம், நாங்கள் தேடிய துள்ளலும் உற்சாகமும் அதில் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் எங்களில் பலருக்கு அது கௌரவமும் அர்த்தமும் உள்ள பெயர் என்கிற மாதிரி எழுதியிருந்தார். அந்தப் பெயர் "எட்சல்", ஹென்றி ஃபோர்டின் மறைந்த மகனின் பெயர்.

மரியாதையான கடிதம், அதில் சந்தேகமில்லை. தாங்கள் எடுத்த பெயரின் குறையைத் தாங்களே ஒத்துக்கொள்ளுகிற நேர்மையும் இருக்கிறது. ஆனால் ஒரு ஓட்டை உண்டு. மூரின் பெயர்கள் ஏன் சரிவரவில்லை என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. என்ன அளவுகோலை வைத்து எட்சல் வந்தது என்பதும் இல்லை. உண்மையில் அளவுகோல் என்று ஒன்று இருந்ததாகவும் தெரியவில்லை. விளம்பர நிறுவனம் கொடுத்த பட்டியலில் மனம் பொருந்தாமல், கூட்டத்துக்குத் தலைமை வகித்த ஏர்னஸ்ட் பிரீச் முதலாளி குடும்பத்துப் பெயரையே எடுத்துவிட்டார். 1957 செப்டெம்பரில் சந்தைக்கு வந்த கார் 1959 நவம்பரில் நிறுத்தப்பட்டது. கார் விழுந்ததற்குப் பெயர் மட்டும் காரணமில்லை. விலை, பொருளாதார மந்தம், தரக்குறைவு என்று நிறையச் சொல்லலாம். எனக்கு முக்கியமானது வேறு. பணிவு மட்டும் போதாது. காரணம் சொல்லாத பணிவு, கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறது மாதிரி.

சரி, காரணம் சொல்லுகிற கடிதம் எப்படி இருக்கும்? நான் எழுதிய ஒன்றையே தருகிறேன். கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பார்சல் செய்து விற்ற ஒரு அக்கா, வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் கடை போடுவதற்குப் பெயர் கேட்டு வந்தார். அவர் மனதில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: "தம்பி கடை". ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டு, அவருடைய அனுமதியோடு கடிதத்தைப் போடுகிறேன்.

*

அன்புள்ள அக்கா,

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். "தம்பி கடை" என்ற பெயரை நாங்கள் பட்டியலிலிருந்து விலக்கியிருக்கிறோம். அது உங்களுக்கு எவ்வளவு நெருக்கமான பெயர் என்று தெரியும். உங்கட தம்பி சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் இந்தத் தொழிலே தொடங்கியது என்று முதல் நாளே சொன்னீர்கள். அவர் கனடா போய்விட்டார், அவருடைய பெயரில்லாத கடை உங்களுக்கு அரைக் கடைதான். ஆகவே காரணத்தை முழுதாகச் சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

தமிழில் இந்தப் பெயருக்கு ஒரு குறையும் இல்லை. சின்னது, அன்பானது, ஒருமுறை கேட்டால் மறக்காது. தொலைபேசியில் சொன்னால் திருப்பிக் கேட்கமாட்டார்கள். தமிழில் மட்டும் வாழ்கிற கடையாக இருந்தால் நான் வேறு பெயர் தேடியே இருக்கமாட்டேன்.

பிரச்சினை பலகையின் மேல்வரியில் இருக்கிறது. "தம்பி" என்று சிங்கள எழுத்தில் எழுதினால் அது தமிழ்ச் சொல்லின் ஒலிபெயர்ப்பாக வாசிக்கப்படாது. சிங்களத்தில் அதே ஒலியோடு, அதே எழுத்தோடு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. முஸ்லிம் ஆக்களைக் குறைத்துச் சொல்லுகிற சொல் அது. "தம்பி கடே" என்றால் முஸ்லிம் ஆளின் கடை. கடை என்ற சொல்லும் இரண்டு மொழிக்கும் பொது என்பதால், உங்கட பெயர் முழுவதுமே அந்தச் சிங்களச் சொற்றொடரோடு அச்சாகப் பொருந்திவிடுகிறது. வயதான சிலர் கெட்ட எண்ணமில்லாமல் பழக்கத்தில் சொல்வார்கள் என்பதும் உண்மை. ஆனால் கெட்ட எண்ணத்தோடு சொல்கிறவர்களும் அதே சொல்லைத்தான் எடுக்கிறார்கள்.

இது என் ஊகம் இல்லை, சோதித்துப் பார்த்தோம். பெயரைச் சிங்கள எழுத்தில் மட்டும் ஒரு அட்டையில் எழுதி, சிங்களம் பேசுகிற சிலரிடம் தனித்தனியாகக் காட்டினோம். யாருடைய கடை, என்ன விற்கும் என்று ஒன்றும் சொல்லவில்லை. "இது யார் நடத்துகிற கடை என்று நினைக்கிறீங்கள்?" என்று கேட்டதற்கு வந்த பதில் முஸ்லிம் கடை என்பதுதான். ஒருவரும் தமிழ்க் கடை என்று சொல்லவில்லை. "இந்தச் சொல்லை யார் முன்னால் சொல்லமாட்டீங்கள்?" என்று அடுத்துக் கேட்டோம். கொஞ்சம் தயங்கிவிட்டு, கூட வேலை செய்கிற முஸ்லிம் நண்பர்கள் முன்னால் சொல்லமாட்டோம் என்றார்கள். பிறகு முஸ்லிம் நண்பர்கள் சிலரிடமும் அதே அட்டையைக் காட்டினோம். ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க தமிழில என்னைத் தம்பி எண்டு கூப்பிட்டா சந்தோசம். இப்படி எழுதியிருந்தா நான் உள்ளுக்கு வரமாட்டன்."

இதனால் உங்களுக்கு வரக்கூடிய நட்டங்கள் இரண்டு. ஒன்று, மனம் நோகிறவர்கள் உள்ளே வரமாட்டார்கள். மற்றது, முஸ்லிம் கடை என்று நம்பி வருகிறவர்கள் ஹலால் என்றும் நம்பிச் சாப்பிடுவார்கள். நீங்கள் ஹலால் சான்றிதழ் எடுக்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வீர்கள்தான், ஆனால் பெயரே பதில் சொல்லிவிட்டதாக நினைக்கிறவர் கேட்கமாட்டார்.

பெயரைக் காப்பாற்ற நாங்கள் முயன்ற வழிகளையும் சொல்லவேண்டும். "எங்கள் தம்பி" என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தோம். சிங்கள வாசகருக்கு முதல் சொல் விளங்காது, இரண்டாவதுதான் கண்ணில் படும். "தம்பியா" என்று பின்னால் நீட்டிப் பார்த்தோம். சிங்களத்தில் அந்த "யா" இன்னும் மோசமாக ஒலிக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிப் பார்த்தோம். வாயில் வருகிற ஒலி மாறவில்லை. சிங்கள வரியைப் பலகையிலிருந்து எடுத்துவிடலாமா என்றும் யோசித்தோம். ஆனால் பலகை எங்கட கையில், மற்றதெல்லாம் எங்கட கையில் இல்லை. ஓட்டோக்காரர் சிங்களத்தில் இடம் கேட்பார், சாமான் கொண்டுவருகிறவர் பில்லில் சிங்களத்தில் எழுதுவார், கடையைப் பற்றிப் பதிவு போடுகிறவர் அவருக்குத் தெரிந்த எழுத்தில் போடுவார்.

இனி, உங்கட தம்பியைக் கடைக்குள் வைத்திருக்க வேறு வழி உண்டா என்று தேடினோம். ஒன்று கிடைத்தது: "மல்லி". தமிழில் அது கொத்தமல்லி, அடுப்படியின் வாசனை. சிங்களத்தில் "மல்லி" என்றால் தம்பிதான். அன்பாகக் கூப்பிடுகிற சொல். கொத்தமல்லியை அவர்களும் கொத்தமல்லி என்றே சொல்வதால் அந்த அர்த்தமும் அவர்களுக்கு எட்டும். தமிழ் ஆக்களுக்குச் சமையல், சிங்கள ஆக்களுக்குத் தம்பி, உங்களுக்கு இரண்டும்.

இதற்கும் ஒரு குறை இருக்கிறது. இது சாதாரணச் சொல். உணவகத்துக்குப் பெயராக வைக்கலாம், ஆனால் பின்னொரு காலத்தில் மல்லித்தூள் பைக்கற்றில் அடித்து விற்றால், அந்தப் பொருளுக்கு அந்தச் சொல்லை உங்களுக்கே உரியது என்று பதிய முடியாது. தூள் விற்கிற யோசனை இருந்தால் இப்போதே சொல்லுங்கோ, கூட ஒரு சொல் சேர்க்கவேண்டி வரும். பதிவுத் தேடலையும் நீங்கள் சரி என்ற பிறகுதான் முழுதாகச் செய்வோம்.

அவசரமில்லை. தம்பியோடும் கதைத்துவிட்டுச் சொல்லுங்கோ.

*

கடிதம் அவ்வளவுதான். இனி இதற்குள் இருக்கிற வாதத்தைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். ஏனென்றால் இதற்கு எதிராகச் சொல்ல வலுவான ஒரு கட்சி இருக்கிறது, உங்களில் பலர் மனதில் அது இப்போதே வந்திருக்கும்.

"எங்கட சொல்லை அவர்கள் வசையாக்கினால், நாங்கள் ஏன் சொல்லைக் கைவிடவேண்டும்?" இதுதான் அந்தக் கேள்வி. லேசான கேள்வி இல்லை. 1983க்குப் பிறகு இந்த நகரத்தில் தமிழர்கள் பஸ்ஸில் குரலைத் தாழ்த்திக் கதைத்த காலம் உண்டு. தமிழ் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் எழுதிய பிறகும், பிழையில்லாத தமிழ்ப் பலகை ஒன்றைப் பார்ப்பதற்கு அதிர்ஷ்டம் வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், சிங்களக் காதுக்காக இன்னொரு தமிழ்ச் சொல்லையும் இறக்கி வைக்கச் சொல்வதா?

சிங்களக் காதுக்காக என்றால் நானும் இறக்கச் சொல்லமாட்டேன். சிங்களவருக்கு உச்சரிக்கக் கஷ்டம், "தமிழ் கூடிப்போச்சு", விளங்காது என்கிற காரணங்களால் ஒரு நல்ல தமிழ்ப் பெயரை விலக்கினால் அது கோழைத்தனம். ஆனால் இங்கே நோகிறவர் யார் என்று பாருங்கோ. அந்தப் பெயரை வாசிக்கிற சிங்களவருக்கு ஒன்றும் நோகாது, கூடினால் சிரிப்பார். நோகிறவர் முஸ்லிம். அவர் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர், வீட்டில் தன் தம்பியையும் தம்பி என்றே கூப்பிடுகிறவர். அதே சொல்லை இரண்டு மொழியிலும் கேட்டு, ஒன்றில் உறவும் மற்றதில் வசையுமாக அனுபவிக்கிறவர் அவர்தான். 2014இல் அளுத்கமவிலும், 2018இல் திகனவிலும், 2019 மே மாதம் வடமேல் மாகாணத்திலும் அவர்களுடைய கடைகள் எரிந்தன. 2019இல் முஸ்லிம் கடைகளில் சாமான் வாங்காதே என்ற பிரச்சாரம் நாடு முழுக்க ஓடியது. "முஸ்லிம் கடை" என்று அடையாளப்படுத்துவது இந்த நாட்டில் எவ்வளவு பாரமான விஷயம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அடையாளத்தின் வசைச்சொல்லை முஸ்லிம் அல்லாத ஒருவர் தன் பலகையில், சிங்கள எழுத்தில், பெரிதாகப் போட்டுவிட்டு "எங்கட மொழியில் இது அன்பு" என்று சொன்னால், தமிழை மீட்டதாக ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரின் காயத்தில் எங்கட பலகையை ஆணி அடித்ததாகத்தான் ஆகும். ஒரு வசையை மீட்டெடுக்கிற உரிமை அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் உண்டு.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பெயர் தொழிலில் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற கதைகள் உண்டு. கொழும்பில் ஒரு காலத்தில் வசதிக்கும் அதிகாரத்துக்கும் அடையாளமாக ஓடிய மிற்சுபிஷி பஜேரோவை எடுங்கோ. தென்னமெரிக்காவின் ஒரு காட்டுப் பூனையின் பெயரிலிருந்து வந்தது அது. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல் ஆபாசமான வசை என்பதால் ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் "மொன்ட்டேரோ" என்ற பெயரில் விற்றார்கள். இது சிரிப்பு வகை. யாருக்கும் காயமில்லை, அந்த நாட்டில் பெயரை மாற்றினால் விஷயம் முடிந்தது. செவ்ரோலெட் நோவா கார், "நோ வா" என்றால் ஸ்பானியத்தில் "ஓடாது" என்று வருவதால் விற்கவில்லை என்ற கதை அதிலும் பிரபலம். அது கட்டுக்கதை. மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் அந்தக் கார் நன்றாகவே விற்றது. ஒரு சொல்லாக அழுத்தம் கொடுத்துச் சொல்கிற "நோவா" வேறு, இரண்டாகப் பிரித்துச் சொல்கிறது வேறு என்று அங்குள்ளவர்களின் காதுக்குத் தெரியும். ஆகவே ஒலி ஒற்றுமை என்றவுடன் பெயரைத் தூக்கிப் போடக்கூடாது. அந்த மொழிக்காரர் அதைக் கேட்டவுடன் உண்மையில் என்ன நினைக்கிறார் என்று கேட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும். அட்டையில் எழுதிக் காட்டுகிறது அதற்காகத்தான். "இந்தப் பெயர் நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கு என்பார்கள். "யாருடைய கடை?", "யார் முன்னால் சொல்லமாட்டீங்கள்?" என்று கேட்டால்தான் பெயர் தன் வேலையைக் காட்டும்.

காயத்தின் வகை வேறு. அதற்கு எங்கட பக்கத்துப் பிராந்தியத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் பக்கம் போய்வந்தவர்களுக்கு "டார்லி" பற்பசையைத் தெரிந்திருக்கும். முதலில் அதன் பெயர் "டார்க்கி", கறுப்பின மக்களுக்கான வசை. பெட்டியில் கறுப்பு முகப்பூச்சு வேஷத்தில் சிரிக்கிற ஒரு முகம். 1985இல் கொல்கேற் நிறுவனம் அந்தக் கம்பனியில் பாதியை வாங்கியபோது அமெரிக்காவில் எதிர்ப்பு எழுந்தது. 1989இல் ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை மாற்றி "டார்லி" ஆக்கினார்கள், படத்தையும் மாற்றினார்கள். ஆனால் சீன எழுத்தில் இருந்த பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் அர்த்தம் "கறுப்பர் பற்பசை". முப்பது வருசத்துக்கும் மேல் அது பெட்டியில் இருந்தது. 2021இல்தான் சீனப் பெயரையும் மாற்றுவதாக அறிவித்தார்கள்.

"சிங்கள வரியை மட்டும் எடுத்துவிட்டால் போதாதா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான். பல எழுத்துகளில் வாழ்கிற பெயரை ஒரு எழுத்தில் மட்டும் திருத்தினால், திருத்தாத பக்கத்தில் பழைய அர்த்தம் தொடர்ந்து உயிரோடு இருக்கும். அங்கே அவர்கள் தெரிந்தே விட்ட பாதியைத் திருத்த ஒரு தலைமுறை போயிற்று. கடை திறக்க முதல் திருத்துவதற்கு எங்களுக்குப் போனது இரண்டு கிழமை.

சட்டத்தையும் சொல்லவேண்டும், ஆனால் அதன் அளவை அறிந்து. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வியாபாரக் குறிகளைப் பதிகிறது அதன் கீழ்தான், கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில். எதையெல்லாம் பதிய முடியாது என்று சொல்லுகிற 103ஆம் பிரிவில், ஒரு சமூகத்தின் மத அல்லது இன உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறிகளும் அடங்கும். பொருளின் தன்மையை வெறுமனே விபரிக்கிற சொற்களும் அதே பிரிவில்தான். மல்லித்தூளுக்கு "மல்லி" கிடைக்காது என்று கடிதத்தில் எழுதியது அதனால்தான். ஆனால் இந்தச் சட்டம் பதிவைத்தான் தடுக்கும். பதியாமல் ஒரு பெயரைப் பலகையில் போடுகிறதைத் தானாக வந்து நிறுத்தாது. கம்பனிப் பதிவாளரிடம் பெயர் கிடைத்துவிட்டது என்பதும் வேறு கதை. அங்கே முக்கியமாகப் பார்ப்பது அதே பெயரில் இன்னொரு கம்பனி இருக்கிறதா, பெயர் மயக்கம் தருகிறதா என்பதை. அங்கே கிடைத்த பெயர் வியாபாரக் குறியாகவும் கிடைக்கும் என்றோ, யாரையும் புண்படுத்தாது என்றோ அர்த்தமில்லை. கனபேர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலகை அடித்த பிறகு மாட்டுப்படுகிறார்கள்.

அதனால்தான் கடிதத்தில் சட்டத்தை முன்னுக்கு வைக்கவில்லை. "சட்டம் விடாது" என்று எழுதியிருந்தால் அக்காவுக்கு ஒரு தடை மட்டும்தான் தெரிந்திருக்கும், சட்டத்தைச் சுற்றிப்போகிற வழியைத் தேடியிருப்பார். "இன்ன ஆள் உள்ளுக்கு வரமாட்டார்" என்று எழுதினால் ஒரு முகம் தெரியும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த முகம் புதிதில்லை, பார்சல் வாங்க வந்த முகம்தான்.

அக்கா இரண்டு நாள் கழித்துப் போன் எடுத்தார். கோபம் கொஞ்சம் இருந்தது. "எனக்கும் சிங்களம் தெரியும், ஆனா நான் இதை அப்படிக் கேட்டதே இல்லை" என்றார். உண்மைதான். எங்கட வீட்டுச் சொல் எங்கட காதுக்கு வேறு மாதிரிக் கேட்காது. வெளியிலிருந்து ஒருவர் வாசித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. பிறகு கேட்டார்: "மல்லி எண்டா சிங்கள ஆக்கள் கடைப் பெடியனைக் கூப்பிடுற மாதிரியும் இருக்கும்தானே?" நல்ல கேள்வி. இருக்கும். வயதில் குறைந்தவர் யாரையும் அப்படிக் கூப்பிடலாம், தேத்தண்ணி கொண்டுவருகிறவரையும் கூப்பிடுவார்கள். அட்டைச் சோதனையில் அது யாருக்கும் தாழ்வாகப் படவில்லை என்பதைச் சொன்னேன். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அது அவருடைய உரிமை. கடிதத்தின் வேலை அவரைச் சம்மதிக்க வைப்பது இல்லை. எதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கிறார் என்பதைத் துப்புரவாக்குவதுதான் அதன் வேலை.

நீங்கள் ஒரு கடையோ, பட்டறையோ, யூடியூப் பக்கமோ தொடங்கி, அதற்கு யாரோ பெயர் பார்த்துத் தருகிறார் என்றால், அவர் விலக்குகிற ஒவ்வொரு பெயருக்கும் காரணத்தை எழுத்தில் கேளுங்கோ. எந்த எழுத்தில் பிரச்சினை, யாரிடம் எப்படிக் கேட்டார்கள், பெயரைக் காப்பாற்ற என்னென்ன செய்து பார்த்தார்கள், அந்தப் பெயரில் நீங்கள் விரும்பியது எதுவோ அது மாற்றுப் பெயரில் எங்கே இருக்கிறது, மாற்றுப் பெயரின் குறை என்ன. ஐந்துக்கும் பதில் இருந்தால் அந்த ஆள் வேலை செய்திருக்கிறார். "சரிவராது, பாவிக்க ஏலாது" என்று மட்டும் எழுதியிருந்தால் அவருக்கு உங்கட பெயர் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கடிதத்தைத் தூக்கி எறியாமல் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கோ. வியாபாரக் குறியைப் பத்து வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அந்த நேரம் கடையில் புதுப் பங்காளி இருக்கலாம், மகன் பொறுப்பெடுத்திருக்கலாம். அவர்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ஏன் அப்ப தம்பி எண்டு வைக்கேல்லை? எவ்வளவு நல்ல பெயர்!" பதிலை அந்தக் கடிதமே சொல்லும்.